மூன்று கேம்பெய்ன், மூன்று அளவுகோல்: ஒரு மெத்தைக் கடையின் கணக்கு

கேள்வி: போடியில் இலவம்பஞ்சு மெத்தை செய்து தமிழ்நாடு முழுக்க ஆன்லைனில் விற்கிறோம். சராசரி ஆர்டர் 8,000 ரூபாய், பொருள், தையல், பார்சல் போக 3,000 நிற்கும். மெட்டாவில் மாதம் 1,50,000 ரூபாய் செலவு செய்கிறோம். Awareness-க்கு 50,000, Traffic-க்கு 40,000, கடந்த 30 நாளில் எங்கள் தளத்துக்கு வந்த 6,000 பேருக்கு மட்டும் Sales கேம்பெய்ன் 60,000. போன மாதம் Purchase ROAS வரிசையாக 0.3, 0.8, 8. கடைப் புத்தகத்தில் மொத்தம் 70 ஆர்டர். முதல் இரண்டையும் நிறுத்திவிட்டு எல்லாப் பணத்தையும் மூன்றாவதில் போடச் சொல்கிறார் அண்ணன். போடலாமா?

பதில்:

போட வேண்டாம். நீங்கள் சொன்ன எண்களை வைத்துப் பார்த்தால், குறைக்க வேண்டியது 8 காட்டுகிற அந்த மூன்றாவது கேம்பெய்னைத்தான். அண்ணனுக்கு இது தலைகீழாகத் தெரியும். அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

60,000 ரூபாய்க்கு ரோஆஸ் 8 என்றால் 4,80,000 ரூபாய் விற்பனை, அதாவது 60 ஆர்டர். Traffic-இன் 0.8 என்பது 4 ஆர்டர், Awareness-இன் 0.3 என்பது 2. மூன்றையும் கூட்டினால் 66 ஆர்டர் தன்னால் வந்தது என்று மெட்டா சொல்கிறது. புத்தகத்தில் இருப்பது 70. அப்படியானால் பழைய வாடிக்கையாளர், அவர் சொல்லி வந்த சொந்தக்காரர், கூகுளில் தேடி வந்தவர், நேரே போன் போட்டவர் எல்லாரும் சேர்ந்து மாதம் 4 பேர்தானா? நம்ப முடியாத எண் இது. உங்கள் வாட்ஸ்அப்பைப் புரட்டினாலே அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

எப்படி இவ்வளவு ஆர்டரைத் தன் பேரில் எழுதிக்கொள்கிறது? மெட்டாவில் வழக்கமாக இருக்கும் அமைப்பு, விளம்பரத்தைக் கிளிக் செய்து 7 நாளுக்குள் வாங்கினாலும், கிளிக் செய்யாமல் வெறுமனே பார்த்து 1 நாளுக்குள் வாங்கினாலும் அந்த ஆர்டரைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வது. ஒருவர் நேற்றே உங்கள் தளத்தில் ஐந்துக்கு ஆறு மெத்தையைக் கூடையில் போட்டுவிட்டு, சம்பளம் வந்ததும் வாங்கலாம் என்று வைத்திருக்கிறார். இன்று காலை இன்ஸ்டாகிராமைத் தள்ளிக்கொண்டே போகும்போது உங்கள் விளம்பரம் ஒரு கணம் கண்ணில் பட்டது. தொடக்கூட இல்லை. மாலையில் தானாக வந்து பணம் கட்டினார். அந்த ஆர்டர் Sales கேம்பெய்னின் சாதனையாகப் பதிவாகிவிடும். தளத்துக்கு ஏற்கெனவே வந்துபோனவர்களுக்கு மட்டுமே காட்டப்படும் விளம்பரத்தில் இப்படிப்பட்டவர்கள்தான் நிறைந்திருப்பார்கள். வாங்கப் போகிறவரின் முன்னால் போய் நிற்பது அதன் வேலை; நின்றதால்தான் வாங்கினாரா என்பதை ரோஆஸ் சொல்லாது.

இதைப் பெரிய அளவில் சோதித்த ஒரு வழக்கு உண்டு. 2012-இல் ஈபே நிறுவனம், தன் பெயரையே தட்டித் தேடுகிறவர்களுக்குக் காட்டிவந்த தேடல் விளம்பரங்களைச் சில இடங்களில் நிறுத்திப் பார்த்தது. கணக்கில் மிக லாபகரமாகத் தெரிந்த விளம்பரம் அது. நிறுத்திய பிறகு அந்தக் கிளிக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே கீழே இருந்த சாதாரண இணைப்பு வழியாக வந்துசேர்ந்தன. ஈபே என்று தட்டுகிறவர் எப்படியும் ஈபேக்குத்தான் போகப்போகிறார். உங்கள் 6,000 பேரில் ஒரு பகுதியும் அப்படித்தான். எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. மறந்துபோனவருக்கு நினைவூட்டல் உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் எத்தனை முறை நினைவூட்டுவது?

அங்கேதான் உங்கள் பெரிய விரயம் இருக்கிறது. இவ்வளவு சின்னக் கூட்டத்துக்கு ஆயிரம் முறை காட்ட 200 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் திரையில் CPM பத்தியில் சரியான எண் இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 60,000 ரூபாய்க்கு 3 லட்சம் முறை காட்டலாம். 6,000 பேருக்குப் பிரித்தால் ஒரு ஆளுக்கு மாதம் 50 முறை. Frequency பத்தியைத் திறந்து பாருங்கள், இதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று தெரியும். ஒரே மெத்தையை ஒரு மனிதருக்கு 50 முறை காட்டுகிறீர்கள். இந்த 50-ஐ 15 ஆக்கினால் செலவு 18,000 ரூபாய். ஆர்டர் கொஞ்சம் குறையலாம், ஆனால் செலவு குறைந்த அளவுக்கு நிச்சயமாகக் குறையாது. (Frequency குறைவாகவும் Reach 6,000-க்கு வெகு மேலாகவும் இருந்தால், நீங்கள் கொடுத்த பட்டியலை மெட்டா வெறும் குறிப்பாக எடுத்துக்கொண்டு வெளி ஆட்களுக்கும் காட்டியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஆடியன்ஸ் அமைப்பில் அந்தப் பட்டியலைத் தாண்டாதபடி கட்டுங்கள்.)

அண்ணன் சொல்வதுபோல் 1,50,000-ஐயும் இதே கூட்டத்தில் கொட்டினால் ஆளுக்கு 125 முறை. அதோடு நிற்காது. அந்த 6,000 என்பது நிலையான குளம் இல்லை. 30 நாள் ஆனவர் தானாக வெளியேறிவிடுவார், புதியவர் வந்தால்தான் நிரம்பும். நிரப்பிக்கொண்டிருந்தது நீங்கள் நிறுத்தப்போகும் அந்த Traffic கேம்பெய்ன்தான். மரக்கட்டில் விற்கிற ஒரு கடைக்கு நான் வேலை பார்த்தபோது இதே முடிவை எடுத்தோம், நானும் தலையாட்டினேன். முதல் மாதம் ரோஆஸ் ஏறியது, எல்லாருக்கும் சந்தோஷம். குளத்தில் பழைய தண்ணீர் இருந்ததால் ஏறியது. இரண்டாம் மாதம் Reach சுருங்கி Frequency இரட்டிப்பானது. மூன்றாம் மாதம் ஆர்டர் பாதிக்கு வந்துவிட்டது. மறுபடி பழைய இடத்துக்கு வர நான்கு மாதத்துக்கு மேல் ஆனது. முதல் மாத வெற்றிதான் இதில் ஆபத்து. தவறு நடந்தது என்று தெரியும்போது அதைச் செய்து இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

சரி, இப்போது மூன்றையும் எதை வைத்து அளப்பது என்பதற்கு வருகிறேன். அடிப்படையில் ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபம். கேம்பெய்ன் தொடங்கும்போது நீங்கள் தேர்ந்தெடுக்கும் நோக்கம் வெறும் பெயர்ப்பலகை இல்லை, மெட்டாவுக்கு நீங்கள் இடும் உத்தரவு. Awareness என்று கொடுத்தால், கொடுத்த பணத்தில் அதிகம் பேர் கண்ணில் படும்படி மலிவான இடங்களைத் தேடும். வாங்குகிற பழக்கம் உள்ளவர்களைத் தேடாது, ஏனென்றால் அவர்கள் விலை அதிகம், எல்லா விளம்பரதாரரும் அவர்களைத்தான் துரத்துகிறார்கள். ஆளைச் சேர்த்துக்கொடு என்று உத்தரவு போட்டுவிட்டு, ஏன் ஆர்டர் வரவில்லை என்று கேட்டால் பதில் இருக்காது. எந்த உத்தரவு போட்டோமோ அது நிறைவேறியதா, நிறைவேறியதால் அடுத்த கட்டத்துக்கு ஆள் வந்தார்களா என்ற இரண்டைத்தான் ஒவ்வொரு கேம்பெய்னிடமும் கேட்க வேண்டும்.

முதலில் அவேர்னஸ். இலவம்பஞ்சு மெத்தை இன்று வாங்கப்போகிறவர்கள் சொற்பம். ஆனால் இந்த வருடத்துக்குள் கல்யாணச் சீருக்கோ, புது வீட்டுக்கோ, முதுகுவலி வந்த அப்பாவுக்கோ மெத்தை தேடப்போகிறவர்கள் நிறைய. அந்த நாள் வரும்போது உங்கள் பெயர் ஞாபகம் வர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தச் செலவு.

உங்கள் 50,000 ரூபாய்க்கு, ஆயிரம் முறைக்கு 50 ரூபாய் என்று எடுத்தால், 10 லட்சம் முறை காட்டலாம். நீங்கள் தமிழ்நாடு முழுக்கக் கொடுத்திருக்கிறீர்கள். 2011 கணக்கெடுப்பிலேயே 7.2 கோடிப் பேர் இருந்த மாநிலம். மெட்டா முடிந்தவரை புதுப்புது ஆட்களைத் தேடிப் போகும். எட்டு ஒன்பது லட்சம் பேர் ஒரே ஒரு தடவை பார்த்து அன்றே மறந்திருப்பார்கள். அதே பணத்தைக் கோவை, திருப்பூர் இரண்டு மாவட்டத்தில் மட்டும், 28 முதல் 55 வயதுக்குள், ஆளுக்கு மாதம் ஐந்து முறை என்று செலவழித்தால் 2 லட்சம் பேரிடம் பெயர் பதியும். சின்ன பட்ஜெட்டில் ஊரைச் சுருக்குவதுதான் நான் சொல்லும் முதல் மாற்றம். இதற்கு இன்னொரு பயனும் உண்டு, பின்னால் வருகிறேன்.

இந்தக் கேம்பெய்னில் நீங்கள் வாரா வாரம் பார்க்க வேண்டியது, குறித்த ஊரில் Reach எத்தனை பேர், Frequency எவ்வளவு, புதிதாக ஆயிரம் பேரை எட்ட எவ்வளவு ஆனது. வீடியோ என்றால் கூடவே ThruPlay, அதாவது வீடியோவை முழுதாகவோ குறைந்தது 15 விநாடியோ ஓடவிட்டவர்கள். கிளிக்கைப் பார்க்கவே வேண்டாம்.

ஆனால் எண்ணுக்கு முன்னால் வீடியோவையே பாருங்கள். இந்தத் தொழிலில் பலரும் எடுக்கும் வீடியோ எனக்கு மனப்பாடம். மரத்தில் காய் வெடித்துப் பஞ்சு பறக்கும். பெண்கள் உட்கார்ந்து விதை எடுப்பார்கள். கோலால் பஞ்சு அடிப்பார்கள். உறைக்குள் திணித்து ஊசி போடுவார்கள். 38-ஆவது விநாடியில் கடைப் பெயர் வரும். மெட்டா காட்டும் வீடியோ வரைபடத்தைத் திறந்தால் முதல் மூன்று விநாடியிலேயே கோடு செங்குத்தாக விழுந்திருக்கும், 38-ஆவது விநாடியில் ஏறக்குறைய யாருமே இல்லை. அழகான வீடியோதான், ஆனால் அதைப் பார்த்தவர் இலவம்பஞ்சு மெத்தை நல்லது என்று மட்டும் தெரிந்துகொண்டு போவார், அடுத்த வாரம் கூகுளில் தேடி வேறு யாரிடமோ வாங்குவார். உங்கள் காசில் ஊருக்கே விளம்பரம். முதல் மூன்று விநாடிக்குள் பெயர் எழுத்திலும் குரலிலும் வர வேண்டும். பலர் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார்கள், அதனால் எழுத்து கட்டாயம்.

அவேர்னஸ் உண்மையில் பதிந்ததா என்பதற்கு மெட்டாவுக்கு வெளியே ஒரு சான்று வேண்டும். மிக நல்ல சான்று, உங்கள் கடைப் பெயரைத் தட்டித் தேடுகிறவர்கள் கூடினார்களா என்பது. கூகுள் சர்ச் கன்சோலில் பெயர்த் தேடல் எத்தனை என்று இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் அது நாடு வரைக்கும்தான் பிரித்துக் காட்டும், கோவை தனியாகத் தெரியாது. அதற்கு நான் செய்வது, உங்கள் பெயரையே சொல்லாக வைத்து, அதே சொல் தேடலுக்கு மட்டும் என்று கட்டி, கூகுளில் மிகச் சிறிய தேடல் விளம்பரம் ஒன்றை ஓடவிடுவது. விற்பனைக்காக அல்ல, ஈபே கதையை இப்போதுதான் பார்த்தோம். அதன் இட அறிக்கையில் எந்த ஊரில் எத்தனை முறை உங்கள் பெயர் தேடப்பட்டது என்று வரும். இது அளவுகோலுக்காகக் கட்டும் பணம், மாதம் சில நூறு ரூபாய்தான் ஆகும். மொபைல் இணைப்பில் ஊர் கொஞ்சம் மாறிப் பதிவாகும். எண்ணைப் பார்க்காமல் போக்கைப் பாருங்கள்.

அடுத்தது கன்சிடரேஷன், தமிழில் சொன்னால் யோசிக்கிற கட்டம். உங்கள் பொருளுக்கு இதுதான் மிக முக்கியம் என்பது என் கருத்து. 200 ரூபாய் சோப்புக்கு யாரும் யோசிப்பதில்லை. 8,000 ரூபாய் மெத்தைக்கு வீடே உட்கார்ந்து பேசும். பஞ்சில் கழிவு கலந்திருப்பார்களா, எத்தனை கிலோ பஞ்சு, விதை உறுத்துமா, ஆறு மாதத்தில் கட்டி தட்டுமா, துவைக்க முடியாதாமே, அபார்ட்மெண்டில் வெயிலில் எங்கே போடுவது, நம் கட்டிலுக்கு எந்த அளவு. வாட்ஸ்அப்பில் உங்களிடம் வரும் கேள்விகளைப் போன மாதத்திலிருந்து எடுத்து எழுதுங்கள். அடிக்கடி வரும் ஐந்துக்கு ஐந்து விளம்பரம் செய்யுங்கள். மெத்தையைத் தராசில் வைத்து எடை காட்டும் ஒன்று, உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே கை விட்டுப் பஞ்சை எடுத்துக் காட்டும் ஒன்று, பால்கனி கைப்பிடியில் இரண்டு மணி நேரம் போட்டு எடுத்தால் எப்படி உப்பி வருகிறது என்று காட்டும் ஒன்று. இந்தக் கட்டத்தின் வேலை சந்தேகம் தீர்ப்பது, வேறெதுவும் இல்லை.

உங்கள் Traffic கேம்பெய்னில் எனக்கு இருக்கும் சந்தேகம் வேறு. Link clicks, Landing page views இரண்டு பத்தியையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். 40,000 ரூபாய்க்கு 10,000 கிளிக் என்றால் ஒரு கிளிக் 4 ரூபாய், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் Landing page views 4,500 என்றால் பாதிப் பேருக்கு மேல் பக்கம் திறப்பதற்குள் போய்விட்டார்கள். பக்கம் மெதுவாகத் திறக்கிறதோ என்னவோ, அல்லது வேறு செயலிகளுக்குள் விளையாட்டுக்கு நடுவே கை பட்டு நடந்த கிளிக்கோ. விளம்பரம் எங்கெங்கே காட்டப்பட்டது என்ற பிரிவில் Audience Network-க்கு நிறையக் கிளிக் போயிருந்தால் பின்னது. கிளிக் வேண்டும் என்று உத்தரவிட்டால் எதைக் கண்டாலும் தொடுகிறவர்களைத்தான் பிடித்துவரும்.

ஆகவே கிளிக்கை விட்டுவிட்டு, யோசிக்கிறவர் மட்டுமே செய்யும் ஒரு செயலை அளவாக வையுங்கள். உங்களுக்கு அது அளவு வழிகாட்டியைத் திறப்பது. கட்டிலை அளந்து பார்க்கிறவர் சும்மா வந்தவர் இல்லை. உங்கள் தளத்தில் அந்த பட்டனைத் தொடும்போது இந்த ஒரு வரி ஓடும்படி செய்யச் சொல்லுங்கள்:

```
fbq('trackCustom', 'SizeGuideOpen');
```

பிறகு மெட்டாவில் இதை ஒரு கஸ்டம் கன்வர்ஷனாகப் பதிந்து, Traffic-க்குப் பதில் Sales நோக்கத்திலேயே, வாங்குவதை அல்லாமல் இந்தச் செயலைக் குறிக்கோளாகக் கொடுங்கள். பெயரில் Sales என்று இருந்தாலும் வேலை யோசிக்கவைப்பதுதான். கிளிக் 4 ரூபாயிலிருந்து 10 ரூபாய்க்கு ஏறும், பயப்பட வேண்டாம். மூன்றாவது கேம்பெய்னிலிருந்து 10,000 எடுத்து இதன் 40,000-ஐ 50,000 ஆக்குங்கள். அந்த 50,000 ரூபாய்க்கு 1,000 பேர் அளவு பார்த்தார்கள் என்றால் ஒருவருக்கு 50 ரூபாய். இந்த 50 ரூபாய்தான் உங்கள் கன்சிடரேஷனின் அளவுகோல். வாட்ஸ்அப் வழியாக வருவதற்கும் இதே முறைதான். எத்தனை பேர் ஹலோ போட்டார்கள் என்று எண்ணாதீர்கள். எத்தனை பேர் அளவும் ஊரும் சொன்னார்கள் என்று எண்ணுங்கள். விலை என்ன என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களே நிறைந்திருந்தால், விளம்பரத்திலேயே விலையைப் போட்டுவிடுங்கள். எண்ணிக்கை குறையும், தரம் ஏறும்.

இந்தக் கட்டத்தில் ஏமாற்றும் எண் ஒன்று உண்டு, லைக்கும் கமெண்டும். வெடித்த இலவங்காய் படத்துக்கு ஆயிரம் லைக் வரும். லைக் போட்டவர்களில் எத்தனை பேர் கட்டிலை அளந்தார்கள் என்று பார்த்தால்தான் கதை தெரியும்.

இனி கன்வர்ஷன், அதாவது வாங்கவைக்கிற கட்டம். இதற்கு 20,000 ரூபாய் மட்டும், தளத்தில் அளவு பார்த்தவர், கூடையில் போட்டவர், வாட்ஸ்அப்பில் பேசி நிறுத்தியவர் ஆகியோருக்கு. ஏற்கெனவே வாங்கியவர்களைக் கட்டாயம் கழித்துவிடுங்கள். மெத்தை வாங்கிய மறுநாள் அதே மெத்தை விளம்பரம் வந்தால் ஒருவருக்கு எப்படி இருக்கும். மீதி 30,000 ரூபாயைக் கூகுள் தேடலுக்குக் கொண்டுபோங்கள், உங்கள் பெயருக்கல்ல, இலவம்பஞ்சு மெத்தை விலை, டபுள் காட் பஞ்சு மெத்தை மாதிரியான சொற்களுக்கு. இவர்கள் வாங்கும் முடிவோடு இருப்பவர்கள், ஆனால் யாரிடம் என்று முடிவு செய்யாதவர்கள். இவர்களைப் பிடித்தால் அது உண்மையிலேயே கூடுதல் ஆர்டர். நீங்கள் இதுவரை தொடாத இடம் இது.

மெட்டாவில் விளம்பரத் தொகுப்பை இரண்டு மூன்றாகப் பிரிக்காதீர்கள். ஒரு தொகுப்புக்கு வாரம் சுமார் 50 ஆர்டராவது கிடைத்தால்தான் அதன் கற்றல் கட்டம் முடியும் என்பது மெட்டா சொல்லும் கணக்கு. உங்களுக்கு எல்லாம் சேர்த்தே வாரம் 16, 17 தான். அதைச் சிங்கிள் காட்டுக்கு ஒன்று, டபுள் காட்டுக்கு ஒன்று என்று வெட்டினால் எதுவும் கற்காது, ஒவ்வொரு வாரமும் எண் தாறுமாறாக ஆடும். ஆடுவதைப் பார்த்து நீங்களும் தினம் ஒன்றை மாற்றுவீர்கள், மாற்ற மாற்றக் கற்றல் முதலிலிருந்து தொடங்கும்.

இங்கே அளவுகோல், ஒரு ஆர்டருக்கு ஆன செலவு, அது உங்கள் 3,000 ரூபாய்க்குள் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பது. கூடவே அட்ரிபியூஷன் அமைப்புகளை ஒப்பிடும் வசதியில், பார்த்து மட்டும் வந்தவை எத்தனை, கிளிக் செய்து வந்தவை எத்தனை என்று பிரித்துப் பாருங்கள். 60 ஆர்டரில் 35 வெறும் பார்வையால் வந்தவை என்று தெரிந்தால் அண்ணனுக்கு நான் இவ்வளவு எழுதியிருக்கவே வேண்டாம்.

மூன்றையும் தனித்தனியாக அளந்தபின், எல்லாம் சேர்ந்து பணம் பண்ணுகிறதா என்பதை ஒரே எண்ணால் பார்க்க வேண்டும். அதை மெட்டாவிடம் கேட்காதீர்கள், கடைப் புத்தகத்தில் கேளுங்கள்:

```
மொத்த விற்பனை ÷ மொத்த விளம்பரச் செலவு
5,60,000 ÷ 1,50,000 = 3.7
நஷ்டமில்லாத எல்லை: 8,000 ÷ 3,000 = 2.7
```

3.7 என்பது 2.7-க்கு மேலே இருக்கிறது. ஆர்டருக்கு 2,143 ரூபாய் விளம்பரம் போக 857 ரூபாய் கையில் நிற்கிறது. நீங்கள் நஷ்டத்தில் இல்லை, அதனால் பதற்றத்தில் எதையும் நிறுத்தத் தேவையில்லை. இந்த எண் 2.7-க்குக் கீழே போனால் மட்டும் எல்லாவற்றையும் ஒருசேரக் குறைக்க வேண்டும்.

இப்போது ஊரைச் சுருக்கச் சொன்னதன் இரண்டாவது பயன். அவேர்னஸைக் கோவை, திருப்பூரில் மட்டும் ஓட்டுகிறீர்கள். மற்ற இரண்டும் தமிழ்நாடு முழுக்க வழக்கம்போல். ஆர்டர் புத்தகத்தில் எல்லாருடைய பின்கோடும் இருக்கிறது. 641-இல் தொடங்குபவை ஒரு பக்கம், திருச்சியின் 620, சேலத்தின் 636 ஒரு பக்கம். அவேர்னஸ் வேலை செய்தால் 641 மட்டும் மற்றவற்றைவிட வேகமாக ஏற வேண்டும். மெட்டா பார்க்காத, கிளிக் தேவைப்படாத சான்று இது. மனைவி போனில் விளம்பரம் பார்த்து, கணவர் கடைக்குப் போன் பண்ணி, மாமனார் பெயரில் டெலிவரி வாங்கினாலும் பின்கோடு பொய் சொல்லாது. 625-ஐ ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள், அதில் மதுரையோடு தேனியும் போடியும் வருகிறது, உங்களை நேரில் தெரிந்தவர்கள் எண்ணிக்கையைக் கெடுத்துவிடுவார்கள்.

இதற்கு ஒரு எல்லையும் உண்டு. 641-இல் மாதம் 14 ஆர்டர் வருகிறது என்று வைப்போம். அவ்வளவு சிறிய எண்ணில் எதுவும் செய்யாமலேயே ஒரு மாதம் 9, ஒரு மாதம் 20 என்று வரலாம். தோராயமாக, எண்ணின் வர்க்கமூலத்தைப்போல் இரு மடங்கு வரை மேலும் கீழும் ஆடுவது இயல்பு. 14-க்கு அது 7 ஆர்டர். ஆகவே முதல் மாதம் 20 வந்தால் பட்டாசு வெடிக்க வேண்டாம், 10 வந்தால் நிறுத்தவும் வேண்டாம். மூன்று மாதம் சேர்த்தால் 42 எதிர்பார்ப்பு, ஆட்டம் 13. மூன்று மாதத்தில் 55-ஐத் தாண்டி, சேலமும் திருச்சியும் அப்படியே இருந்தால் அப்போது நம்பலாம். அதுவரைக்கும்தான் பெயர்த் தேடல் எண்ணைக் கவனிக்கச் சொல்கிறேன். எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் அது முன்னாலேயே அசையும்.

இதனால்தான் மூன்றுக்கும் பரிசோதிக்கும் காலமும் வேறுவேறு. கன்வர்ஷனை வாரம் ஒருமுறை, கன்சிடரேஷனை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அவேர்னஸின் பலனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. வாராவாரம் அவேர்னஸில் பார்ப்பது ஆள் சேர்ந்தார்களா, வீடியோ ஓடியதா என்பதை மட்டும்.

ஒப்பிடும்போது மாதத்தைக் கவனியுங்கள். உங்கள் பொருளில் சீர்வரிசை ஆர்டர் கணிசமாக இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆவணியிலும் தையிலும் குவியும். ஆடி எண்ணை ஆவணியோடு வைத்தால் எந்த விளம்பரமும் அற்புதமாகத் தெரியும். அதனால்தான் அதே மாதத்தில் ஊரை ஊரோடு ஒப்பிடுகிறோம். இன்னொன்று, பெரும்பாலோர் கூட்டம் வரும் ஆவணியில்தான் அவேர்னஸுக்குப் பணம் கூட்டுவார்கள். அப்போது சீர் கொடுக்கிற வீடு கடையை முடிவு செய்திருக்கும். ஆடியில் கல்யாணம் இல்லையே தவிர பட்டியல் போடும் பேச்சு அந்த வீடுகளில் அப்போதுதான் நடக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் அவேர்னஸைக் கூட்டி, ஆவணியிலும் தையிலும் கூகுள் தேடலைக் கூட்டுங்கள்.

ஒவ்வொரு கட்டமும் அடுத்ததிடம் ஆளை ஒப்படைக்கிறதா என்பதை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம். கோவையில் 2 லட்சம் பேரை எட்டியும் இரண்டு மாதமாகப் பெயர்த் தேடல் அசையவில்லை என்றால் வீடியோவில் பெயர் பதியவில்லை, பணத்தைக் கூட்டிப் பயனில்லை. பெயர்த் தேடல் ஏறியும் அளவு வழிகாட்டியைத் திறப்பவர் ஏறவில்லை என்றால் சந்தேகம் தீர்க்கும் விளம்பரமோ பக்கமோ சரியில்லை. 1,000 பேர் அளவு பார்த்தும் ஆர்டர் ஏறவில்லை என்றால் அது விளம்பரக் கோளாறே இல்லை. பார்சல் கட்டணம் கடைசிப் பக்கத்தில் திடீரென்று 600 ரூபாய் கூடுகிறதா, கேஷ் ஆன் டெலிவரி இல்லையா, டெலிவரிக்கு எத்தனை நாள் என்று போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

இந்த மூன்று கட்டமும் உங்கள் விளம்பரங்களின் வேலைப் பிரிவினைதான், மனிதர்கள் நடந்துவரும் படிக்கட்டு இல்லை என்பதையும் மனத்தில் வையுங்கள். சிலர் முதல் வீடியோவைப் பார்த்த அன்றே வாங்குவார்கள், சிலர் கூடையில் போட்டுவிட்டு எட்டு மாதம் கழித்து வருவார்கள். வீடியோ பார்த்தவருக்கு மட்டும்தான் இரண்டாவது, இரண்டாவதைத் தொட்டவருக்கு மட்டும்தான் மூன்றாவது என்று கறாராகப் பூட்டு போட்டால் கூட்டம் மிகச் சிறியதாகி எல்லாமே விலை ஏறிவிடும். கன்சிடரேஷனைத் திறந்தே வையுங்கள். மூன்றாவதை மட்டும் கட்டுங்கள்.

முதல் மாதம் செய்ய வேண்டியது: அந்த ஒரு வரியைத் தளத்தில் போட்டு, பின்கோடு வாரியாகக் கடந்த ஆறு மாத ஆர்டரை எழுதி எடுத்து, வீடியோவின் முன்னால் பெயரைக் கொண்டுவந்து, பணத்தை 50, 50, 20, கூகுளுக்கு 30 என்று மாற்றுங்கள். ஆர்டர் எடுப்பவரிடம் சொல்லி, எங்களை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு நோட்டில் எழுதவையுங்கள். Sales கேம்பெய்னின் ரோஆஸ் அனேகமாக முதல் வாரத்தில் இறங்கியோ ஏறியோ ஆட்டம் காட்டும். அண்ணனிடம் அந்தத் திரையைக் காட்டாமல், மாதக் கடைசியில் புத்தகத்திலிருந்து அந்த 3.7 என்ன ஆனது என்று காட்டுங்கள்.